பாதி பேட்டரியில் ட்ரோனைத் திருப்பினால் போதுமா?

கேள்வி: 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதகு வரை கால்வாயைப் படமெடுத்துவிட்டு ட்ரோன் திரும்ப வேண்டும். அனுமதி வாங்கியாகிவிட்டது. பேட்டரி 5000 எம்ஏஎச். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருக்கிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது திரையில் 10 ஆம்பியர் காட்டுகிறது. போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று, விநாடிக்கு 6 மீட்டர். இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும், பாதி பேட்டரியில் திருப்பினால் போதும் என்கிறார் விற்றவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அனுப்பினால் ட்ரோன் உங்களிடம் வந்து சேராது.

முதலில் அந்த 30 நிமிடம். 5000 எம்ஏஎச் என்பது 5 ஆம்பியர்-மணி. 10 ஆம்பியர் வீதம் எடுத்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பெட்டியில் இருப்பது இந்தக் கணக்குதான்: பேட்டரியை முழுக்க வற்றவிட்டால் கிடைக்கும் நேரம். கடைசி 20 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதற்குக் கீழே மின்னழுத்தம் சட்டென்று சரியும், பேட்டரியும் கெடும். ஆக, உங்கள் கையில் இருப்பது 4 ஆம்பியர்-மணி, அதாவது 24 நிமிடம். எதிர்காற்றில், 20 சதவீத இருப்போடு எவ்வளவு தூரம் போய்வரும் என்று பெட்டியில் அச்சிடச் சொல்ல யாருமில்லை. வாங்குகிறவர் தலையில்தான் எல்லாக் கணக்கும் விழுகிறது.

காற்றே இல்லாவிட்டால் 24 நிமிடத்தில் மொத்தம் 14.4 கிலோமீட்டர் பறக்கலாம். 6 கிலோமீட்டர் போய்த் திரும்பத் தாராளமாகப் போதும். இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதால்தான் பலர் ட்ரோனை இழக்கிறார்கள்.

இப்போது காற்றைச் சேருங்கள். போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 10 + 6 = 16. ஆறே கால் நிமிடத்தில் மதகை அடைந்துவிடும். திரும்பும்போது 10 – 6 = 4 மட்டுமே. அதே தூரத்துக்கு 25 நிமிடம். காற்று உதவுவது ஆறு நிமிடத்துக்கு. இழுத்துப் பிடிப்பது இருபத்தைந்து நிமிடத்துக்கு. இவை எப்படிச் சரிக்கட்டிக்கொள்ளும்?

மதகின் மேல் நிற்கும்போது திரை 79 சதவீதம் காட்டும். யாருக்கும் தைரியம் வரும். அங்கேயே உடனே திருப்பினாலும், பேட்டரியின் கடைசித் துளி வரை பறந்தாலும், நீங்கள் நிற்கும் இடத்துக்கு 300 மீட்டர் முன்னால் விழுந்துவிடும். உண்மையில் அதற்கும் முன்பே விழும்.

இந்தக் காற்றில் ஒரு கிலோமீட்டர் போய்வர ஏறக்குறைய 5 நிமிடம் 12 விநாடி ஆகும். 24 நிமிடத்தை அதனால் வகுத்தால் 4.6 கிலோமீட்டர். அதுவே எல்லை. அந்த எல்லையிலும் திரையில் 84 சதவீதம் இருக்கும்போதே திருப்பியாக வேண்டும்.

வேகத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். காற்றில்லாத நேரத்தில் ஓரளவுக்கு மேல் வேகம் கூட்டுவது மின்சாரத்தை வீணடிப்பது. எதிர்காற்றில் மட்டும் இது தலைகீழாகும். 10-இல் பறந்தால் 4-தான் முன்னேற்றம். 13-இல் பறந்தால் 7. முன்னேற்றம் முக்கால் பங்கு கூடுகிறது. மின்னோட்டம் 13 ஆம்பியருக்கு ஏறினாலும் கூடுதல் செலவு மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உண்மையிலேயே பேட்டரி மிச்சமாகிறது. ஆனால் 13-இல் உங்கள் ட்ரோன் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அருகிலேயே பறக்கவிட்டுத் திரையில் பாருங்கள். 18 என்று காட்டினால் லாபம் ஏதுமில்லை. 13 ஆம்பியரே என்றாலும் போக 1.04, வர 3.1 என்று மொத்தம் 4.14 ஆம்பியர்-மணி ஆகிறது. உங்கள் 4-ஐ அது தாண்டிவிடுகிறது. எனவே இந்த வழியும் உங்களுக்கு உதவாது.

காற்றின் வேகத்தை எங்கே பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். வானிலைச் செயலிகள் பொதுவாகச் சொல்வது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக் காற்றை. அங்கே 4.5 என்றால் 100 மீட்டரில் 6-ஐத் தாண்டலாம். உங்கள் 6 செயலியில் பார்த்ததென்றால், மேலே உங்கள் நிலை இன்னும் மோசம்.

அடுத்து அதே விற்பனையாளர், அதே அளவில் 10,000 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது என்பார். தராசில் வையுங்கள். நான்கு செல் கொண்ட 5000 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். இரட்டிப்புக் கொள்ளளவுக்கு எடையும் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். எடை கூடவில்லையென்றால் கூடியது ஒட்டப்பட்ட தாளில் உள்ள எண் மட்டுமே. இப்போது வைத்திருப்பதையும் சோதியுங்கள்: 20 சதவீதம் வரை பறக்கவிட்டு, சார்ஜரில் போட்டு, எத்தனை எம்ஏஎச் உள்ளே போகிறது என்று பாருங்கள். 4000-க்கு அருகில் வர வேண்டும். 3000 என்றால் மேலே சொன்ன எல்லாத் தூரத்தையும் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு வழி இருக்கிறது. கால்வாயின் நடுவில், 3 கிலோமீட்டரில் நின்றுகொள்ளுங்கள். ஒரு பேட்டரியில் எதிர்காற்றுப் பக்கம், இன்னொன்றில் பின்காற்றுப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் பதினைந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். எதிர்காற்றுப் பக்கத்தை முதலில் எடுங்கள். காற்று நினைத்ததைவிட வலுவாக இருந்தால் போகும்போதே தெரிந்துவிடும், திருப்பினால் காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.