'உனக்குத் தெரியாததா கண்ணு?'

அன்புள்ள ஐயா,

பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள் நான். முனைவர் பட்ட ஆய்வுக்காக எங்கள் பகுதியில் தறி ஓட்டும் பெண்களை நேர்காணல் செய்கிறேன். இதுவரை 11 பேர். ஆய்வாளரின் நிலை பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னார் நெறியாளர். 'நானும் இதே சமூகம், அதனால் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள்' என்று எழுதினேன். போதாது என்கிறார். வேறு என்ன எழுதுவது?

ம., பள்ளிபாளையம்

அன்புள்ள ம.,

அந்தப் பத்தியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எழுத்தில் இறக்கிய 11 நேர்காணல்களையும் எடுத்து, 'உனக்குத் தெரியாததா', 'உங்க வீட்லயும் அதானே' என்று அவர்கள் சொல்லும் இடங்களையெல்லாம் கோடிடுங்கள். அடுத்த வரியில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பாருங்கள். 'ஆமாங்க்கா' என்று இருந்தால், அந்த இடத்தில் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய ஒரு சேதி சொல்லப்படாமலே போய்விட்டது.

இது எனக்கு நடந்தது. குமாரபாளையத்தில் பாக்கி பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தறிக்கு ஆள் சேர்க்கும்போது பட்டறைக்காரர் கொடுக்கும் முன்பணம்தான் பாக்கி. அது தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போவதென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். என் அப்பாவும் தறி ஓட்டியவர். ஓர் அக்கா, 'பாக்கி சமாச்சாரந்தான் உனக்கே தெரியுமே கண்ணு' என்றார். நான் தலையாட்டினேன். ஒலிப்பதிவில் அங்கே தறிச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

எழுத உட்கார்ந்தபோது அந்த இடத்தை எங்கள் வீட்டுக் கதையால் நிரப்பியிருக்கிறேன். அத்தை கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய பாக்கி எனக்குத் தெரியும். எனவே அவர்களும் கல்யாணத்துக்குத்தான் வாங்கியிருப்பார்கள் என்று என்னையறியாமல் எழுதிவிட்டேன். சந்தேகம் வந்து திரும்பப் போய்க் கேட்டேன். பணத்தை வாங்கியவர் அவருடைய கணவர். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட, அந்தப் பாக்கிக்கு இந்த அக்கா தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கைநீட்டி வாங்காத கடனுக்கு உழைக்கும் ஒரு பெண்ணை, கல்யாணச் செலவு என்ற ஒரே வரியில் நான் மறைத்துவிட இருந்தேன். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றினேன். 'பாக்கின்னா என்ன?' என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் அவர்களுக்கு அது நடிப்பாகத்தான் படும். 'எங்க வீட்டுக் கதைதான்க்கா எனக்குத் தெரியும். உங்களுக்குக் கடைசியா பாக்கி கைக்கு வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு? யார் போய்க் கேட்டாங்க, பணத்தை யார் கையில குடுத்தாங்க?' என்று கேட்டால் பேச்சு ஒரு நாளுக்குள், ஒரு இடத்துக்குள் இறங்கிவிடும். அங்கே 'உனக்குத் தெரியுமே' என்று சொல்ல இடமில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வினாநிரலைத் தோழி ஒருவரிடம் கொடுத்து, உங்களையே நேர்காணல் செய்யச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் விடைகள் எவை என்று அதில் தெரிந்துவிடும். பிறகு 11 பேரின் பேச்சிலும் அந்த விடைகள் அப்படியே வந்திருந்தால், அவை அவர்கள் வாயிலிருந்து வந்தவையா, நீங்கள் எடுத்துக் கொடுத்தவையா என்று வரி வரியாகப் பாருங்கள். உங்களுக்கே தெரியாத சாய்வு இதில் அகப்படாது. அதற்கு ஊர்க்காரர் அல்லாத ஒருவர் உங்கள் பதிவுகளில் இரண்டையாவது படிக்க வேண்டும்.

'நானும் இதே சமூகம்' என்பதில் எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்க்காரர், கன்னடம் பேசுபவர். 1948-இல் பக்கத்து ராம்புரா கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஊர்த் தலைவரின் இடத்தில் தங்கிய பிராமணராகத்தான் ஊர் அவரைப் பார்த்தது. தலித் மக்களோடு அவரால் போதிய அளவு பழக முடியவில்லை. அதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். உங்களையும் எல்லோரும் ஒரே ஆளாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவருக்கு நீங்கள் தறிக்காரர் மகள். இன்னொருவருக்குக் காலேஜ் படிக்கும் பிள்ளை. சொன்னது இரவுக்குள் உங்கள் அம்மா காதுக்குப் போய்விடும் என்று பயந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரி. மனம்விட்டுப் பேசினார்கள் என்று எழுதும் முன், இந்த மூன்றாமவர் எதையெல்லாம் பேசவே இல்லை என்று பாருங்கள்.

ஆகவே ஒரே பத்தியாக எழுதாதீர்கள். ஒவ்வொரு நேர்காணல் குறிப்பின் தலைப்பிலும், இவர் என்னை யாராக எடுத்துக்கொண்டார், எந்தச் சொல்லில் அது தெரிந்தது, நான் எங்கே கேட்காமல் விட்டேன் என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். ஆய்வேட்டில் பாக்கி பற்றிய அத்தியாயத்திலேயே, எந்தெந்தக் கூற்று மறுபடி கேட்டுத் திருத்தப்பட்டது என்று அந்தந்த இடத்தில் சொல்லுங்கள். உங்கள் நெறியாளர் தேடுவது அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் நீங்கள் கோடிட்ட இடம் அதிகம் உள்ள இரண்டு பேரிடம் திரும்பப் போங்கள். தறி ஓடும் நேரம் வேண்டாம். பட்டறையில் முதலாளி காதில் விழும் தூரத்தில் யாரும் பாக்கி பேச மாட்டார்கள்.