ஊசியை நிறுத்திய மூன்றாவது வாரம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 23 வயது. துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. ஆணழகன் போட்டிக்காக ஜிம் மாஸ்டர் சொன்னபடி நான்கு மாதம், வாரத்துக்கு 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இரண்டும் டெக்கா ஊசி ஒன்றும் போட்டுக்கொண்டான். அப்போது தெருவில் யார் முறைத்தாலும் சண்டைக்குப் போனான். சோறு ஆறிவிட்டது என்று ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தான். அப்பா சத்தம் போட்டு நிறுத்தவைத்து ஏழு வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தான். இப்போது வேலைக்குப் போவதில்லை, அழுகிறான், "இன்னொரு சைக்கிள் போட்டால் சரியாகிடுவேன்" என்கிறான்; சில மாதம் தொடர்ந்து ஊசி போடும் சுற்றைத்தான் சைக்கிள் என்கிறான். இதுவும் கஞ்சா மாதிரி ஒரு போதையா? ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டால்தான் என்ன?

— ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த ஊசியைப் போடவேண்டாம். ஆனால் போட்டால் சரியாகிவிடும் என்று தம்பி சொல்வது பொய்யல்ல. சில நாட்களிலேயே அவனுக்குத் தெம்பு வரும், அழுகை நிற்கும். இந்த மருந்தின் மீதான சார்பு பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது. கஞ்சாவைப் போல உடனடி மயக்கம் எதையும் இது தருவதில்லை. நிறுத்தினால் வரும் தளர்ச்சியைத் தாங்கமுடியாமல்தான் பலர் அடுத்த சைக்கிளுக்குத் திரும்புகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன், டெக்கா போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தச் சார்பு நிலைக்குப் போவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

உடலுக்குள் நடப்பது இதுதான். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விதைப்பைகளை வேலை செய்யவைக்கிறது; டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்துவிட்டால் அந்த ஹார்மோன்களை அனுப்புவதை அது நிறுத்திக்கொள்ளும். டெஸ்டோஸ்டிரோன் சுரக்காத நோயாளிக்கு நாங்கள் 250 மில்லிகிராம் ஊசியை இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒன்றாகத்தான் எழுதுவோம். உங்கள் தம்பி ஒரே வாரத்தில் 500 மில்லிகிராம் போட்டிருக்கிறான்; அதாவது நோயாளி பெறுவதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு, அதற்கு மேல் டெக்காவும். நான்கு மாதம் சும்மா இருந்த விதைப்பைகள், ஊசி நின்ற மறுநாளே விழித்துக்கொள்வதில்லை.

முதல் இரண்டு வாரம் அவன் நன்றாக இருந்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. எண்ணெயில் கரைத்த இந்த ஊசிகள் தசைக்குள் தங்கி மெதுவாகத்தான் இரத்தத்தில் கலக்கின்றன என்பதால், கடைசி ஊசிக்குப் பிறகும் சில வாரங்கள் மருந்து உடலில் ஓடிக்கொண்டிருக்கும். டெக்கா இன்னும் நீண்ட நாள் தங்கும். அது வடியும்போது ஊசியின் டெஸ்டோஸ்டிரோனும் இருக்காது, சொந்த டெஸ்டோஸ்டிரோனும் ஊறியிருக்காது. சோர்வு, அழுகை, தூக்கக் கேடு, ஆண்மைக் குறைவு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு தலைகாட்டுவதால், "ஊசியை விட்டு இவ்வளவு நாளாச்சே, இப்போ என்ன?" என்று வீட்டார் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. அதே நேரத்தில் தசையும் வற்றத் தொடங்கும். கண்ணாடியில் தன் மார்பும் கையும் நாளுக்கு நாள் சுருங்குவதைப் பார்க்கும் இளைஞனிடம் "பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னால் அவன் கேட்கமாட்டான்.

சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 600 மில்லிகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் பெற்ற 50 ஆண்களில் பெரும்பாலோரிடம் மனநிலை மாற்றம் அநேகமாக எதுவும் தெரியவில்லை. ஆறு பேரிடம் மிதமாகவும் இரண்டு பேரிடம் கடுமையாகவும் மிகைக் கிளர்ச்சி தெரிந்தது. அந்த எட்டுப் பேர் யார் என்று முன்கூட்டியே சொல்ல வழியிருக்கவில்லை. ஜிம்களில் அதைவிட அதிக அளவில், இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மாஸ்டர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் தம்பிக்கு ஆகாது என்பதற்கு அது சான்றாகாது.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குச் சற்று முன் நரம்பில் ஏதாவது ஊசி போட்டுக்கொண்டானா என்று கேளுங்கள். காலிக் குப்பி கிடைத்தால் லேபிளைப் படியுங்கள். மெஃபென்டெர்மின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அறுவை அரங்கில் மயக்க மருந்தால் இரத்த அழுத்தம் விழும்போது அதை ஏற்றுவதற்குப் பயன்படுவது. இங்கே சில பையன்கள் அதையும் "ஜிம் ஊசி" என்றே சொல்கிறார்கள். அது ஸ்டீராய்டு அல்ல, நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் மருந்து. அதை நிறுத்தினால் தளர்ச்சி ஓரிரு நாளிலேயே வரும். எடுக்கும் காலத்தில் யாரோ பின்தொடர்வது போன்ற சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் வரக்கூடும். இரண்டு வாரம் நன்றாக இருந்து பிறகு விழுந்ததாக நீங்கள் சொல்வதால் ஸ்டீராய்டுதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, பழைய சிறைச் சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே, வெறும் வயிற்றில், அழைத்துச் செல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் பத்து மணிக்குள் இரத்தம் எடுக்கவேண்டும். டெஸ்டோஸ்டிரோனும் எல்.எச்.சும் இரண்டுமே தாழ்ந்திருந்தால் பிட்யூட்டரி இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். எல்.எச். அடிமட்டத்தில் இருக்க டெஸ்டோஸ்டிரோன் மட்டும் உயர்ந்திருந்தால் அவன் இரகசியமாக இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று சந்தேகிக்கவேண்டும். அதை வைத்து வீட்டில் விசாரணை நடத்தாமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஊசியையோ குப்பியையோ நண்பர்களோடு பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் பரிசோதனை தேவை. கல்லீரலையும் கொழுப்பையும் அவர்களே பார்ப்பார்கள்.

சைக்கிள் முடிந்தபின் சுரப்பை மீட்க என்று ஜிம்மில் "பி.சி.டி." என்ற பெயரில் தரும் குளோமிஃபின் மாத்திரையையோ எச்.சி.ஜி. ஊசியையோ வாங்கித் தராதீர்கள். இவற்றைச் சிலருக்கு நாங்களும் எழுதுவதுண்டு, ஆனால் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சுரப்பு தானாகத் திரும்பும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க மனநலப் பிரிவில் மனச்சோர்வுக்கான மருந்து தரலாம். அது மூன்று நான்கு வாரத்தில்தான் பிடிக்கும் என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பத்தாம் நாளே ஊசியைத் தேடுவான்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று அவனிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அன்றே மருத்துவமனை, தனியே விடாதீர்கள். இரவில் பேச யாராவது வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் எண் எந்நேரமும் கிடைக்கும். கையை ஓங்கினால் நீங்களும் அம்மாவும் முதலில் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள், சமாதானம் பிறகு பேசலாம்.

அப்பா ஜிம்முக்கே போகக் கூடாது என்று சொல்லியிருப்பார் என ஊகிக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மாஸ்டரின் ஜிம் வேண்டாம். வேறு இடத்தில், பழைய எடையில் பாதியைத் தூக்கினாலும் பரவாயில்லை, உடற்பயிற்சி தொடரட்டும். ஆனால் இந்த ஆண்டு போட்டி மேடை வேண்டாம். இரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்யுங்கள். அப்போதும் டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லையென்றால் ஹார்மோன் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். இரண்டு பரிசோதனைச் சீட்டுகளையும் அவன் போட்ட ஊசிகளின் பட்டியலையும் அவர் பார்ப்பது அவசியம்.