உதவியாளர் தேவை: விளம்பரம் ஒட்டுவதற்கு முன்

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஓர் உதவியாளரைச் சேர்க்க இப்படி எழுதியிருக்கிறேன்: “வேலைக்கு ஆள் தேவை. காலை 8 முதல் இரவு 8 வரை, ஞாயிறு விடுமுறை. சாப்பாடு உட்பட மாதம் 25,000 – 35,000. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் சேமலாப நிதி. அசல் அடையாள அட்டையுடன் வரவும்.” இதில் சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. முதலில் சம்பளத்தைத் திருத்துங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஆகவே 25,000 என்று எழுதவே முடியாது. 30,000 அடிப்படைச் சம்பளமாக நிற்கட்டும். சாப்பாட்டை அதற்கு மேல் கொடுங்கள். மேல் எல்லை யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர் பெரிய தொகையைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வருவார்.

அடுத்தது நேரம். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை கொடுக்க வேண்டும். ஞாயிறு மட்டும் போதாது. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. உங்கள் கணக்கில் மதியம் ஒரு மணி இடைவேளை போக நாளுக்கு 11 மணி வேலை. ஐந்து முழு நாட்களிலேயே மேலதிக நேரம் 15 மணியாகிவிடுகிறது. மாலை 7 மணிக்கு அனுப்பிவிட்டால் அது 10 மணி, சட்டத்துக்குள் அடங்கும். சனிக்கிழமை மதியத்துக்குப் பின் கல்லாவோடு தராசையும் நீங்களே பார்க்க வேண்டியிருக்கும்.

சேமலாப நிதிதான் சிறு கடைக்காரர்கள் அதிகம் வழுக்கும் இடம். பயிற்சிக் காலம் என்று அதைத் தள்ளிப்போட முடியாது. ஒரே ஒரு ஊழியர் என்றாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். 30,000 ரூபாய்க்கு அவருடைய 8 வீதம் 2,400. உங்கள் 12 வீதம் 3,600. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900 ரூபாய், அதுவும் உங்கள் கையிலிருந்து. மேலதிக நேரக் கூலி நீங்கலாக உங்கள் செலவு 34,500. அவர் கைக்கு வருவது 27,600. இதை நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள், முதல் சம்பள நாளில் மனக்கசப்பு வராது. நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் சேமலாப நிதிக் கணக்கில் சேரும். அதனால் சாப்பாடு கொடுத்தால் இந்தத் தொகைகள் சற்று மாறும்.

அடையாள அட்டையின் அசலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள், பிரதி போதும். வயது 16க்குக் குறைந்தவரைச் சேர்க்கக்கூடாது. வேலை தொடங்கும் நாளிலேயே பதவி, அடிப்படைச் சம்பளம், நேரம், விடுமுறை எழுதிய கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். விளம்பரம் ஒப்பந்தமல்லதான், ஆனால் நாளை தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு வந்தால், என்ன சொல்லி அழைத்தீர்கள் என்பதற்கு அந்தத் தாளே சான்றாகும்.

இப்படி எழுதுங்கள்:

“பலசரக்குக் கடைக்கு உதவியாளர் தேவை. வேலை: சரக்கு இறக்கி அடுக்குதல், நிறுத்துப் பொதி செய்தல், கடையைக் கூட்டுதல். வயது 18க்கு மேல். திங்கள் – வெள்ளி காலை 8 – மாலை 7, சனி பகல் 1 வரை. அடிப்படைச் சம்பளம் 30,000. கடை அனுபவம் உள்ளவருக்கு 35,000 வரை. மேலதிக நேரக் கூலி, சேமலாப நிதி, மதிய உணவு உண்டு. அடையாள அட்டைப் பிரதியுடன் பிற்பகல் 2 – 4 மணிக்குள் கடைக்கு நேரில் வரவும்.”