டிரெய்னர் இருக்க பவர் மீட்டர் எதற்கு?

கேள்வி: அண்ணே, நான் தக்கலைக்காரன். மழைக்காலத்தில் ரோட்டில் ஓட்ட முடியவில்லை என்று, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டும் ஸ்மார்ட் டிரெய்னர் ஒன்று வாங்கினேன். ஓட்டப் பயிற்சிக்காக முன்பே வாங்கிய ஸ்போர்ட்ஸ் வாட்ச் கையில் இருக்கிறது. கோச் நாலு தடவை எட்டு நிமிடம் என்று ஒரு செஷன் தந்திருக்கிறார். அதை வாட்சில் போட்டு ஓட்டலாம் என்றால், வாட்ச் டிரெய்னரைக் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால், "இடது கிராங்க் பவர் மீட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துவிடும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நீங்கள் மிதிக்கும் பவரை வாட் கணக்கில் அளக்கும் ஏற்பாடு நீங்கள் வாங்கிய டிரெய்னருக்குள்ளேயே இருக்கிறது. அதையே வாட்ச் படிக்கவில்லை என்றால், பெடலைத் தாங்கும் கிராங்கில் மாட்டும் மீட்டரை மட்டும் படித்துவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்? கோளாறு வாட்சிலா இணைப்பிலா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பத்து நிமிட வேலைதான், காசு செலவில்லை.

வாட்சில் சென்சார் சேர்க்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள். கார்மின் என்றால் `Sensors & Accessories` என்று இருக்கும்; அதில் `Add New` போனால் எந்தெந்த வகை சென்சாரைச் சேர்க்கலாம் என்று காட்டும். அந்த வரிசையில் `Power` இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதயத்துடிப்பும் வேகமும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்ற கேடன்ஸும் மட்டும் இருந்து `Power` இல்லையென்றால் அந்த வாட்சுக்குப் பவர் என்பதே தெரியாது. எந்த மீட்டரை வாங்கி மாட்டினாலும் அது கண்டுகொள்ளாது. ஓட்டத்துக்கென்று வரும் வாட்சுகளில் இது சகஜம். கார்மின் ஃபோர்ரன்னர் 245 வரிசையில் பவர் மீட்டர் வசதி கிடையாது. அதற்கு அடுத்து வந்த 255-இல் உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

இதில் நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். "புளூடூத் இருக்கிறது சார், எல்லாம் சேரும்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, என் பழைய வாட்சுக்காகக் கிராங்க் மீட்டர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் தேடியும் சேரவில்லை. கடைசியில் வாட்சின் கையேட்டைப் படித்தால் பவர் என்ற சொல்லே அதில் இல்லை. புளூடூத் என்பது ரோடு மாதிரி. ரோடு இருப்பதாலேயே எல்லா ஊருக்கும் பஸ் போய்விடாதே!

சரி, பட்டியலில் `Power` இருக்கிறது, ஆனாலும் டிரெய்னர் அகப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெரும்பாலும் உங்கள் போன்தான் காரணம். டிரெய்னர் கம்பெனியின் செயலியைப் போனிலோ லேப்டாப்பிலோ ஒரு தடவை திறந்திருப்பீர்கள். புளூடூத் வழியில் பல டிரெய்னர்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியோடுதான் பேசும். போன் பிடித்துக்கொண்டால் வாட்சின் கண்ணுக்கு டிரெய்னர் தெரியாது. செயலியை மூடினால் மட்டும் போதாது, போனிலும் லேப்டாப்பிலும் புளூடூத்தையே அணைத்துவிடுங்கள். போனின் புளூடூத் பட்டியலில் டிரெய்னரை நேரடியாக இணைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். அங்கே இணைக்க வேண்டிய அவசியமே இல்லை. டிரெய்னரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகி, சைக்கிளை நாலு சுற்று மிதித்துவிட்டு, அப்புறம் வாட்சில் தேடுங்கள். மிதிக்காவிட்டால் சில கருவிகள் விழித்துக்கொள்ளாது.

புளூடூத்தை விட்டால் இன்னொரு வழி இருக்கிறது: ஆன்ட் பிளஸ். டிரெய்னர் பெட்டியிலும் வாட்ச் பெட்டியிலும் `ANT+` என்று அச்சிட்டிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது ரேடியோ நிலையம் போல அளவுகளை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், எத்தனை கருவி வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். போன் புளூடூத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் வாட்சுக்குத் தொந்தரவில்லை. ஆப்பிள் வாட்சில் ஆன்ட் பிளஸ் கிடையாது. 2023-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 10-இலிருந்து அது புளூடூத் பவர் மீட்டரைப் படிக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கடைக்காரர்கள் பலருக்கே பிடிபடாத விஷயம். பவரைப் படிப்பது ஒன்று, டிரெய்னரின் இறுக்கத்தை வாட்சே கூட்டிக் குறைப்பது வேறொன்று. முதலாவதற்கு `Power` போதும். இரண்டாவதற்கு வாட்சில் `Smart Trainer` என்ற வகையும் வேண்டும், டிரெய்னரும் அந்தக் கட்டளையை ஏற்பதாக இருக்க வேண்டும். கிராங்க் மீட்டரால் இதைச் செய்யவே முடியாது. அது வெறும் தராசு, எடை சொல்லுமே தவிர மூட்டையைத் தூக்காது. `Smart Trainer` இருக்கிற கார்மின் வாட்சுகளில் உட்புறச் சைக்கிள் பயிற்சியைத் திறந்து, டிரெய்னர் விருப்பங்களில் `Follow Workout` என்பதைத் தேர்ந்தால் கோச் தந்த செஷனை வாட்ச் நடத்தும். அது இல்லாத வாட்சிலும் செஷனை ஓட்டலாம். இறுக்கத்தை நீங்கள் கியரால் மாற்றிக்கொள்வீர்கள், இலக்குக்கு மேலே கீழே போனால் வாட்ச் கையில் அதிர்ந்து சொல்லும்.

உங்கள் செஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர், கோச்சுகள் எஃப்டிபி என்று சொல்வது, உங்களுக்கு 180 வாட் என்று வையுங்கள். எட்டு நிமிடத் துண்டை அதில் 95 சதவீதத்தில் ஓட்டச் சொன்னால் 171 வாட். இடையில் மூன்று நிமிடம் 90 வாட்டில் ஓய்வு. முன்னால் 12 நிமிடம் சூடேற்றல், பின்னால் 7 நிமிடம் இறக்கம் சேர்த்தால் சரியாக ஒரு மணி நேரம் வரும். வாட்சில் இதைப் பதியும்போது 171 என்று ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள், 166 முதல் 176 என்று இடைவெளியாகப் போடுங்கள். திரையில் கண நேரப் பவருக்குப் பதில் மூன்று விநாடி சராசரியை வையுங்கள். இல்லையென்றால் எண் 140-க்கும் 200-க்கும் தாவிக்கொண்டே இருக்கும், வாட்சும் நிமிடத்துக்கு நாலு தடவை கத்தும்.

வாட்சே இறுக்கத்தை நடத்தும்போது கியர் மாற்ற வேண்டியதில்லை. எந்த கியரில் இருந்தாலும் டிரெய்னர் 171-ஐப் பிடித்து வைக்கும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்றாவது துண்டில் களைத்துப்போய்க் கேடன்ஸ் 90-லிருந்து 60-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். பவர் குறையக் கூடாதென்று டிரெய்னர் இறுக்கும், அதே 171 வாட்டுக்கு இப்போது ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு அழுத்தம் தேவைப்படும். அழுத்தம் கூடினால் கேடன்ஸ் இன்னும் விழும், விழுந்தால் இன்னும் இறுக்கும். கடைசியில் கால் சேற்றில் புதைந்த மாதிரி நின்றுபோகும். டிரெய்னர் பழுதாகிவிட்டது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதற்காகத்தான். முக்கி மிதித்து வெல்லப் பார்க்காதீர்கள். அந்தத் துண்டை நிறுத்திவிட்டு, லேசாகச் சுழற்றிக் கேடன்ஸை 90-க்குக் கொண்டுவந்து, அப்புறம் தொடருங்கள்.

இன்னொரு தொல்லை, இரண்டு எஜமானர்கள். போன் செயலியும் டிரெய்னரை நடத்த, வாட்சும் `Smart Trainer` ஆகச் சேர்ந்திருந்தால், ஒன்று 171 கேட்கும், இன்னொன்று மேடு ஏறச் சொல்லும். காரணமே இல்லாமல் இறுக்கம் திடீரென்று கூடிக் குறைந்தால் அதுதான் விஷயம். யாராவது ஒருவர்தான் நடத்த வேண்டும். செயலி நடத்துகிறது என்றால், வாட்சில் டிரெய்னரை `Power` ஆக மட்டும் சேர்த்து, எண்ணைப் பதியும் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

நம்மூரில் கரண்ட் போவதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டில் ஓடும் டிரெய்னர் என்றால், துண்டுக்கு நடுவில் மின்சாரம் நின்றதும் வாட்சில் பவர் இருக்கும் இடத்தில் இரண்டு கோடு மட்டும் தெரியும், நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் தானாகச் சேராவிட்டால், வாட்சைக் குறைசொல்வதற்கு முன்னால் போன் முந்திக்கொண்டதா என்று பாருங்கள். இன்வர்ட்டர் லைனில் டிரெய்னரையும் மின்விசிறியையும் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மின்விசிறி முக்கியம், நம் கடலோரப் புழுக்கத்தில் அது இல்லாமல் நாலாவது துண்டை முடிப்பது கஷ்டம்.

அப்படியானால் பவர் மீட்டர் எப்போது வாங்கலாம்? வெளியிலும் அளந்து ஓட்ட ஆசைப்பட்டால் வாங்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் பக்கம் எதிர்க்காற்றில் ஓட்டியிருப்பீர்கள். அங்கே வேகத்தைப் பார்த்து உழைப்பைக் கணக்கிட முடியாது, வாட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் இடது கிராங்க் மீட்டர் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிச் சொல்லும். உங்கள் இடது கால் 46 பங்கு, வலது கால் 54 பங்கு வேலை செய்கிறது என்றால், உண்மையில் 171 வாட் போகும்போது அது 157 என்று காட்டும். சங்கிலியில் கொஞ்சம் வீணாவதால் டிரெய்னர் 168 சொல்லும், மீட்டர் 157 சொல்லும், எதை நம்புவது என்று குழம்புவீர்கள். ஏதாவது ஒன்றையே அளவுகோலாக வைத்து எஃப்டிபியையும் அதிலேயே அளந்தால் குழப்பம் இல்லை. ஒன்றில் அளந்துவிட்டு இன்னொன்றில் ஓட்டினால்தான் கெட்டது.

வாங்கும் நாள் வந்தால் சைக்கிளோடு கடைக்குப் போங்கள். கிராங்கின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும், உங்களுடையது 170 மில்லிமீட்டர் என்றால் அதுவும் 170. கிராங்கின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு பெட்டி சட்டத்தில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். சில சைக்கிள்களில் இடிக்கும். உங்கள் வாட்சையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே சேர்த்து, மிதித்து, எண் வருகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், "என்னுடைய இந்த மாடல் வாட்சோடு பவர் சேருமா, சேராவிட்டால் திரும்ப எடுப்பீர்களா" என்று கேட்டு, மாடல் பெயரோடு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.