வில்லன் எண்ணாமல் விட்ட ஆள்

அன்புள்ள ஐயா,

நானும் மூன்று நண்பர்களும் 12 நிமிட அனிமேஷன் படம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர். அங்கே வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டித் தாத்தாதான் வில்லன். ஊர் சொன்னபடி பகலில் மடையைத் திறக்கிறார், ராத்திரி யாருக்கும் தெரியாமல் போய் அடைத்துவிடுகிறார். கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குப் பழி தலைமடையில் வயல் வைத்திருக்கும் நாயகியின் அப்பா மேல் விழுகிறது, ஊர் அவரைத் துரத்துகிறது. கடைசியில் பத்து வயது நாயகி தாத்தாவை மதகில் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். அங்கே அவர் பேச வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்த்தால் 2 நிமிடம் 10 விநாடி வருகிறது. ஒரு தோழி ‘ஒரே அழுகாச்சி’ என்கிறாள். இன்னொருவன் ‘இவ்வளவு நியாயம் இருந்தால் அவர் எப்படி வில்லன்’ என்கிறான். இரண்டுமே சரி மாதிரி இருக்கிறது. திரைக்கதையும் ஸ்டோரிபோர்டும் இணைத்திருக்கிறேன்.

க., சேலம்

அன்புள்ள க.,

இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் சொல்வது ஒரே கோளாறை. உங்கள் தாத்தா தனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறார், தான் என்ன செய்யப் பார்க்கிறார் என்று சொல்லவே இல்லை. பண்ணையார் வீட்டில் அடி வாங்கியது, பந்தியிலிருந்து எழுப்பி விட்டது, ‘இந்த ஊர் என் கண்ணீரைப் பார்த்துச் சிரித்தது’, எல்லாம் வருகிறது. சரி, அதனால் ஏன் மடையை அடைக்க வேண்டும்? அவமானப்பட்டவர் வைக்கோற்போருக்கு நெருப்பு வைத்திருக்கலாம், ஊரை விட்டே போயிருக்கலாம், ஒன்றுமே செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டும் இருந்திருக்கலாம். காயத்துக்கும் செயலுக்கும் நடுவில் கணக்கு ஒன்று வேண்டும். அந்தக் கணக்குதான் நோக்கம். அது இல்லாத இடத்தை நீங்கள் கண்ணீரால் நிரப்பியிருக்கிறீர்கள், அதனால்தான் நீளமும் கூடிவிட்டது.

அந்தக் கணக்கு உங்கள் திரைக்கதையிலேயே கிடக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு பாட்டி போகிற போக்கில், ‘அந்தப் பஞ்சத்தில் சேற்றுத் தண்ணியைக் குடித்துக் குழந்தைகள் போயிற்று’ என்கிறாள். முதல் காட்சி ஸ்டோரிபோர்டில் நாயகி கோயிலுக்குப் பின்னால் வரிசையாக நட்ட சின்னக் கற்களைத் தாண்டித் தாண்டி விளையாடுகிறாள். அந்தக் கற்களை அழகுக்காக வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவை அந்தக் குழந்தைகளைப் புதைத்த இடமாக இருக்கட்டும். அந்த வருடம் ஊர் கேட்டது என்று மடையைத் திறந்து விட்டவர் இதே தாத்தா. நெல் விளைந்தது, கோடையில் ஏரி வறண்டது. இந்த வருடமும் மழை குறைவு, ஏரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஊர் மறுபடியும் வந்து கேட்கிறது. இப்போது அவர் ராத்திரியில் மடையை அடைப்பதற்குப் பைத்தியமோ பழிவாங்கலோ தேவையில்லை. பண்ணையார் வீட்டுக் கதையைத் தூக்கி எறிந்துவிடலாம்.

இனி உங்கள் நண்பன் கேட்டது. இவ்வளவு நியாயம் இருப்பவர் எப்படி வில்லன்?

நான் பேச்சு எழுதும்போது பிடித்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. வில்லன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்க வேண்டும். பொய்யோ திரித்தலோ வந்தால் பார்ப்பவர் உடனே ‘ஏமாற்றுகிறான்’ என்று காதை மூடிக்கொள்வார், அதற்கு மேல் புரிதலுக்கு வழியில்லை. ஆனால் அந்த உண்மைகளை அடுக்கும்போது அவர் ஒரு ஆளை எண்ணாமல் விட்டுவிடுவார், அந்த ஆள் அதே பிரேமுக்குள் நின்றுகொண்டிருக்க வேண்டும். உங்கள் படத்தில் அந்த ஆள் நாயகி. காது தாத்தா பக்கம் போகும், கண் அந்தப் பிள்ளையை விட்டு நகராது. புரிகிறது ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை என்பது அங்கேதான் உண்டாகிறது, வசனத்தில் எத்தனை திருத்தம் போட்டாலும் உண்டாகாது.

ஃப்ரோசன் (2013) படத்தில் எல்சாவை முதலில் வில்லியாகத்தான் யோசித்திருந்தார்கள். பாட்டு எழுதிய தம்பதி அவள் மனதுக்குள் போய் ‘லெட் இட் கோ’வை எழுதிக் கொடுத்த பிறகு அவளை வில்லியாக வைத்திருக்க முடியவில்லை, கதையையே மாற்றி எழுதினார்கள். அந்தக் காட்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். மலையில் அவள் தனியாக நிற்கிறாள். அவள் விடுதலைக்கு விலை கொடுத்தவர்கள் யாரும் அங்கே இல்லை, உறைந்துபோன ஊர் எங்கோ கீழே கிடக்கிறது. எதிரில் யாரும் இல்லாததால் நாம் முழுக்க அவள் பக்கம் போய்விடுகிறோம். அவர்களுக்கு அது யோகம், வேறு நல்ல படம் கிடைத்தது. உங்களிடம் கதையை மாற்ற நேரமிருக்கிறதா, தெரியவில்லை.

நேர்மாறான உதாரணம் மியாசாகியின் பிரின்சஸ் மோனோனோகே (1997). இரும்பு உருக்கும் எபோஷி காட்டை அழிக்கிறாள், ஆனால் விலைக்கு விற்கப்பட்ட பெண்களையும் தொழுநோயாளிகளையும் கூட்டிவந்து சோறும் வேலையும் கொடுத்திருக்கிறாள். அவள் நியாயத்தை உருக்கமாகச் சொல்வது அவள் இல்லை, உடம்பெல்லாம் துணி சுற்றிப் படுத்துக் கிடக்கும் நோயாளி ஒருவர். எங்கள் அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவள் இவள் ஒருத்திதான், கொன்றுவிடாதே என்று கெஞ்சுகிறார். யாரிடம் கெஞ்சுகிறார்? அவள் துப்பாக்கிக் குண்டால் வெறிபிடித்த பன்றிக் கடவுளிடமிருந்து சாபம் வாங்கிய அஷிடகாவிடம். அவன் கை தானாகவே வாளை உருவப் பார்க்கிறது, அவன் இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நோயாளி சொல்வதும் உண்மை, அந்தக் கையும் உண்மை. நமக்குத் தீர்ப்பு சொல்ல வாய் வருவதில்லை.

இதை வைத்து உங்கள் காட்சியை நானே ஒருமுறை எழுதிப் பார்த்தேன். தாத்தா திருகில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார், அவள் கையில் லாந்தர்.

“போன பஞ்சத்துல ஊரே வந்து கேட்டுச்சு. தொறந்து விட்டேன். நெல்லு வெளஞ்சுது. சித்திரையில குடிக்கத் தண்ணியில்ல. சேத்தத் தோண்டி, துணியில வடிகட்டிக் குடிச்சோம். (கை நிற்கிறது.) கோயிலுக்குப் பின்னால தாண்டி வெளையாடுறியே, அந்தக் கல்லு. எட்டு. குழி தோண்டுனது நான். தொறக்கச் சொன்னவன் ஒருத்தன் மம்பட்டி புடிக்க வரல. இந்த வருசம் பயிரு போவும். போவட்டும். சித்திரையில ஒரு புள்ளையும் போவாது.”

“எங்கப்பா?”

(அமைதி. திருகை மறுபடி துடைக்கிறார்.)

“ஒங்கப்பனுக்கு வேற ஊரு இருக்கு.”

நிதானமாகப் படித்தால் அமைதியோடு சேர்த்து 40 விநாடிக்குள் வரும். நீளத்தைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு உங்கள் கை வலியும் ஒரு காரணம். விநாடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் 12 படம். உங்கள் 2 நிமிடம் 10 விநாடிக்கு 1,560 படம், இதற்கு 480. நடுவில் அசையாமல் நிறுத்தும் இடங்களைக் கழித்தால் இன்னும் குறையும்.

‘எட்டு’ என்ற சொல்லைப் பாருங்கள். அவர் பாவம், வேதனை, தியாகம் என்று ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கை மட்டும்தான். முதல் காட்சியில் நாம் சிரித்துக்கொண்டே பார்த்த கற்கள் அவை, அதனால் விளக்கம் வேண்டாம். இந்த இடத்தில் உங்களுக்கு ஃபிளாஷ்பேக் போடக் கை துறுதுறுக்கும், சேற்றுக் குழி, அழும் அம்மாக்கள் என்று. வேண்டாம். படம் அங்கே போன நிமிடமே அந்தப் பிள்ளை பிரேமிலிருந்து காணாமல் போவாள், பார்ப்பவர் முழுசாகத் தாத்தாவின் தலைக்குள் குடிபோய்விடுவார். கேமராவை இரண்டு பேரையும் ஒன்றாகக் காட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். ‘எட்டு’க்கு மட்டும் கைக்குக் கிட்டே போகலாம், அப்போதும் லாந்தர் வெளிச்சம் ஆடுவது தெரிய வேண்டும்.

கடைசி வரியில் அவர் கத்தக் கூடாது, சிரிக்கவே கூடாது. அவர் எட்டுப் பிள்ளைகளை எண்ணினார், எதிரில் நிற்கும் ஒன்பதாவது பிள்ளையை எண்ணவில்லை. அவள் கேட்ட பிறகும் அவரிடம் கணக்குதான் இருக்கிறது. குரல் கொடுப்பவர் இந்த வரியில் இரக்கம் காட்ட ஆசைப்படுவார். விடாதீர்கள், கிணற்றடியில் வழி சொல்வது போலச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு மாற்றம். அப்பா மூட்டை கட்டிக்கொண்டு போகும் காட்சி உங்களிடம் இந்தப் பேச்சுக்குப் பின்னால் வருகிறது. முன்னால் கொண்டுவாருங்கள். இந்தத் தவறை நானே ஒரு தொலைக்காட்சித் தொடருக்குச் செய்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர்களின் காட்சியைப் பேச்சுக்கு அடுத்த பகுதியில் வைத்திருந்தேன். போட்டுக் காட்டியபோது ஒரு சின்னப் பையன், ‘அந்த மாமாவை ஏன் அடிக்கிறாங்க, அவர் நல்லவர்தானே’ என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. விலையை முதலில் பார்த்துவிட்டுக் காரணத்தைக் கேட்டால் மனம் இரண்டையும் தாங்கும். காரணத்தைக் கேட்டு உருகிய பிறகு விலையைக் காட்டினால், ‘நம்மைக் குத்துவதற்கென்றே வைத்திருக்கிறார்கள்’ என்று எரிச்சல்தான் வரும்.

வரைய ஆரம்பிக்கும் முன் கைபேசியில் வசனத்தைப் பதிந்து, ஸ்டோரிபோர்டு படங்களின் மேல் ஓட்டி அனிமேட்டிக் செய்து, கதை தெரியாத ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். தாத்தா ஏன் அடைத்தார் என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ‘கோபம்’, ‘பொறாமை’ என்று வந்தால் நோக்கம் போய்ச் சேரவில்லை, வசனத்தைப் பாருங்கள். அடுத்து, அப்பாவை ஊர் திரும்பக் கூப்பிட வேண்டுமா என்று கேளுங்கள். ‘எந்த அப்பா?’ என்று யாராவது விழித்தால் வசனத்தைத் தொடாதீர்கள், அது படத்தில் இருக்கும் ஓட்டை. எல்லாரும் காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, மடையைத் திறப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் சண்டை போட்டால் வரைய உட்காரலாம்.

தாத்தா கடைசியில் திருந்தி அழும் காட்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சித்திரையில் ஏரியில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதை நீங்களாவது முடிவு செய்து வைத்திருங்கள், படத்தில் காட்டாவிட்டாலும்.

இன்னொன்று, ஸ்டோரிபோர்டில் கற்களை எண்ணினேன், ஏழுதான் இருக்கிறது. நான் எட்டு என்று எழுதியது, சட்டென்று நிறுத்த அந்தச் சொல்தான் வசதியாக இருந்தது என்பதால். ஒரு கல் கூட்டி வரைந்துவிடுங்கள்.