டோல் கட்டணம் இருமுறை போனால் எதைத் திரும்பக் கேட்பது?

“ஐயா, டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து காரில் ஜோகன்னஸ்பர்க் போனோம். கண்ணாடியில் ஒட்டிய டோல் டேக்கில் காசு குறைவு என்று தெரிந்து, டுகேலா டோலுக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி, போனில் 300 ரேண்ட் அனுப்பினேன். வங்கியிலிருந்து மெசேஜும் வந்தது. ஆனாலும் வழியை மறிக்கும் பூம் தூக்கவில்லை. பின்னால் எடுத்துப் பக்கத்து லேனுக்குப் போகச் சொன்னார்கள், அங்கே கார்டில் கட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் டேக்கிலும் அதே தொகை கழிந்திருக்கிறது. யாரிடம் கேட்பது?”

உங்கள் டேக் எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ, அந்தக் கணக்கின் வாடிக்கையாளர் சேவையிடம் கேளுங்கள். வங்கியிடம் போய்க் கார்டுப் பணத்தை மறுக்க வேண்டாம். நீங்கள் ஒருமுறை டோலைக் கடந்தது உண்மை, அதற்குக் கார்டில் கட்டியதும் நியாயமான பணம்தான். தப்பாகப் போனது டேக் கழிவு.

முதலில் பூம் ஏன் தூக்கவில்லை என்று பார்ப்போம். கணக்குக்கு வசதியாக உருண்டைத் தொகையாக வைத்துக்கொள்வோம். டேக்கில் 150 ரேண்ட் இருந்தது. மரியான்ஹில்லில் 20, மூய் டோலில் 70 போனால் மிச்சம் 60. டுகேலாவுக்கு 90 வேண்டும். இந்த இடத்தில் நீங்கள் அனுப்பிய 300 கைகொடுத்திருக்க வேண்டும். ஆனால் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்ற மெசேஜ், உங்கள் வங்கியை விட்டுப் பணம் கிளம்பியதை மட்டும்தான் சொல்கிறது. சாதாரண இஎஃப்டி இன்னொரு வங்கிக்குப் போய்ச் சேர ஓரிரு நாள் ஆகலாம். சேர்ந்த பிறகும், டோல் லேனில் இருக்கும் கருவி பொதுவாக உங்கள் கணக்கை நேரில் திறந்து பார்ப்பதில்லை. செல்லும் டேக், செல்லாத டேக் என்று மையத்திலிருந்து அவ்வப்போது வரும் பட்டியலைத்தான் பார்க்கிறது. புதிய பட்டியல் வரும்வரை உங்கள் டேக் அதில் ‘காசில்லாத டேக்’தான். நீண்ட பயணம் என்றால் முந்தைய நாளே நிரப்புங்கள், அல்லது தானாக நிரம்பும் வசதியைப் போட்டு வையுங்கள்.

இனி இருமுறை கழிந்த கதை. பின்வாங்கிப் பக்கத்து லேனுக்கு வந்தீர்கள் அல்லவா? பணமும் டேக்கும் இரண்டும் ஏற்கும் லேன்களில் மேலே இருக்கும் ரீடர் கண்ணாடியில் ஒட்டிய டேக்கைப் படித்துக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் கார்டை நீட்டுவதற்கு முன்போ பின்போ அது டேக்கைப் படித்துப் பதிவுசெய்திருக்கலாம். அல்லது முதல் லேனிலேயே பதிவு விழுந்திருக்கலாம். எது என்பதை லேன் எண் காட்டிக்கொடுக்கும்.

கார்டில் கட்டியபோது கொடுத்த சீட்டை எடுங்கள். டோலின் பெயர், தேதி, நேரம், லேன், வண்டி வகுப்பு, தொகை ஆகிய விவரங்களை அதில் தேடுங்கள். அது வெப்பத்தாள், நாளடைவில் எழுத்து மங்கிவிடும். இன்றே படம் எடுத்து வையுங்கள். பிறகு டேக் கணக்கின் ஸ்டேட்மென்டில் அந்த வரியைத் தேடுங்கள். சீட்டில் 10:42, லேன் 5. ஸ்டேட்மென்டில் 10:39, லேன் 4 என்றிருந்தால் விஷயம் முடிந்தது. ஒரே கார், ஒரே திசையில், மூன்று நிமிடத்தில் ஒரே டோலை இரண்டு முறை கடக்க முடியாது. புகாரில் இதை மட்டும் எழுதுங்கள்: டேக் எண், வண்டி எண், இரண்டு நேரங்கள், இரண்டு லேன்கள், ‘ஒரே கடப்பு, இரு கட்டணம், டேக் கழிவைத் திருப்பவும்’. பணம் அனுப்பியும் பூம் தூக்கவில்லை என்ற வருத்தத்தை அதில் கலக்காதீர்கள். கலந்தால் அதற்குப் பதில் சொல்லியே கடிதத்தை மூடிவிடுவார்கள். குறிப்பு எண் கேட்டு வாங்குங்கள்.

மூய் முதல் டீ ஹோக் வரையிலான என்-3 டோல்களை நடத்துவது ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனம். மரியான்ஹில் அதில் சேராது. அதனால் டேக் கணக்குக்காரர்கள் டோலை நடத்துபவரிடம் லேன் பதிவைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள், கொஞ்சம் நாளாகும். திருப்பிக் கொடுத்தாலும் பெரும்பாலும் டேக் கணக்கிலேயே வரவாக விழும். கையில் வராது.

தொகை மட்டும் வேறாக இருந்தால் புகாருக்கு முன் இரண்டைப் பாருங்கள். கட்டணம் வருடாவருடம் மார்ச் மாதத்தில் மாறுகிறது. வகுப்பு தப்பாக விழுந்திருந்தால் அது வேறு புகார். சின்ன வண்டி டிரெய்லர் இழுத்தாலும் வகுப்பு 1தான், 2 என்று பதிந்திருந்தால் திரும்பக் கேட்கலாம்.

இன்னொன்று. கௌட்டெங் இ-டோல் 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது. அதற்குப் பின் ஓட்டிய பயணத்துக்கு ‘கௌட்டெங் இ-டோல் பாக்கி, இந்த லிங்கில் கட்டுங்கள்’ என்று எஸ்எம்எஸ் வந்தால் மோசடிதான், தொடாதீர்கள்.

அடுத்த முறை டேக் வேலை செய்யாமல் போனால், கார்டை நீட்டும் முன்பே டேக்கைக் கழற்றி அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிடுங்கள். ஒட்டிக்கிடப்பதால் கழற்ற முடியவில்லை என்றால், ‘டேக் வேண்டாம், கார்டு’ என்று முதலிலேயே காசாளரிடம் சொல்லி, அவர் கொடுக்கும் சீட்டை வாங்காமல் நகராதீர்கள்.