68 என்று எழுதிய பெயிலில் 46 எண்ணெயா?

கேள்வி: செம்பனைத் தோட்டங்களின் மினி டிராக்டர், கிராபர் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஹைட்ராலிக் எண்ணெய், ஐஎஸ்ஓ விஜி 68 என்று எழுதிய 18 லிட்டர் பெயில் வாங்கி ஊற்றினேன். காலையில் நன்றாகத் தூக்கும் கிராபர், மத்தியானம் சூடேறியதும் குலையைப் பிடித்தபடியே மெல்ல இறங்குகிறது. பழைய லேப் சாமான் விற்றவரிடம் வாங்கிய, பாகுத்தன்மை அளக்கும் 200 எண் கேனன்-ஃபென்ஸ்கே கண்ணாடிக் குழாய் என்னிடம் இருக்கிறது. சான்றிதழில் மாறிலி 0.1012. பெயிலில் மிச்சமிருந்த எண்ணெய் இறங்க 707 வினாடி ஆனது. பெருக்கினால் 71.5. "68க்கு மேலேயே இருக்கிறதே, எண்ணெய் சரிதான்" என்கிறார் கடைக்காரர். அப்படியா? பட்டறையில் அன்று 31 டிகிரி.
— எஸ்., சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. நீங்கள் பெருக்கியது சரி. ஆனால் அந்த 71.5 சென்டிஸ்டோக் 31 டிகிரியில் கிடைத்தது. பெயிலில் எழுதியிருக்கும் 68 என்பது 40 டிகிரியில் இருக்கவேண்டிய பாகுத்தன்மை. அந்தச் சூட்டில் 61.2 முதல் 74.8 வரை இருந்தால்தான் அது 68 ரகம். அதற்கு ஒரு படி கீழே உள்ள 46 ரகத்துக்கு 41.4 முதல் 50.6 வரை.

சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் இந்தச் சூட்டில் ஒரு டிகிரி ஏறினாலே சுமார் 5 விழுக்காடு இளகிவிடும். ஒன்பது டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். உண்மையான 68 எண்ணெய் உங்கள் பட்டறைச் சூட்டில் 110க்குப் பக்கத்தில் நிற்கும். உங்கள் குழாயில் இறங்கப் பதினெட்டு நிமிடம் பிடிக்கும். உங்களுடையது பன்னிரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது. நம் ஊர் அறைச் சூட்டில் 46 எண்ணெயை அளந்தால், கிடைக்கும் எண் கச்சிதமாக 68இன் வரம்புக்குள் விழுகிறது. ஏமாறுவது அதனால்தான் அவ்வளவு சுலபம்.

40 டிகிரிக்கு மாற்றும் வழி இது. எண்ணெய்த் துறையில் வழக்கமாகப் பயன்படும் வால்தர் சமன்பாடு:

```
log10(log10(v + 0.7)) = A - B × log10(T)
```

v என்பது பாகுத்தன்மை, சென்டிஸ்டோக்கில். T கெல்வினில், செல்சியஸுடன் 273.15 கூட்டினால் போதும். B ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேறு. சாதாரண மினரல் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு 3.7ஐ ஒட்டி வரும், நான் 3.68 எடுத்துக்கொள்கிறேன். A நமக்குத் தேவையில்லை, இரண்டு சூட்டுக்கும் இடையிலான வித்தியாசம் தெரிந்தால் போதும்.

கைபேசியின் கால்குலேட்டரிலேயே போடலாம். 71.5உடன் 0.7 கூட்டினால் 72.2. அதன் லாக் 1.8585, அதற்கு மறுபடி லாக் 0.2692. 31 டிகிரி என்பது 304.15 கெல்வின், 40 டிகிரி 313.15. இரண்டின் லாக் வித்தியாசம் 0.0127. அதை 3.68ஆல் பெருக்கினால் 0.0467. 0.2692இல் அதைக் கழித்தால் 0.2225. இனி வந்த வழியே திரும்ப வேண்டும்: 10இன் அடுக்கு 0.2225 என்றால் 1.669, 10இன் அடுக்கு 1.669 என்றால் 46.7. கூட்டிய 0.7ஐக் கழித்தால் 46.0.

B-ஐ ஊகித்துப் போட்டுவிட்டோமே என்று கடைக்காரர் கேட்கலாம். கேட்கட்டும். சூட்டுக்கு அதிகம் இளகாத உயர்தர எண்ணெய் என்றே வைத்து 3.3 போட்டாலும் 48தான் வருகிறது. வெப்பமானி பொய் சொல்லியிருக்கலாம் என்றால், இந்த எண்ணெய் 68 ரகத்தின் அடிவரம்பைத் தொடவே அளந்த நேரத்தில் சுமார் 37 டிகிரி இருந்திருக்க வேண்டும். ஆறு டிகிரி தவறு காட்டும் வெப்பமானி அபூர்வம். ஆனால் எண்ணெய் எங்கே இருந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பெயில் வெயிலில் நின்று, எடுத்த உடனே குழாயில் ஏற்றியிருந்தால், சுவரில் மாட்டிய வெப்பமானி காட்டிய 31க்கும் எண்ணெயின் சூட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. வாதாடப் போகுமுன் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் 40 டிகிரியிலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள். உயரமான கண்ணாடிச் சாடியில் தண்ணீர் நிரப்பி, சமையலுக்கு விற்கும் சூ-வீட் ஹீட்டரை அதில் மாட்டினால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே சூட்டை ஒரே நிலையில் வைத்திருக்கும். ஆய்வுக்கூடத் தரத்தில் 0.02 டிகிரிக்குள் நிற்க வேண்டும்; இது அவ்வளவு துல்லியம் தராது, ஆனால் 46ஆ 68ஆ என்று பிரித்தறிய இதுவே தாராளம். நல்ல வெப்பமானியைக் குழாய்க்குப் பக்கத்தில் முக்கி வையுங்கள்.

எண்ணெயை ஏற்றும்போது குழாயைத் தலைகீழாகப் பிடித்து, மெல்லிய கையை எண்ணெயில் முக்கி, மறு கையில் ரப்பர் பல்பால் உறிஞ்சி, செதுக்கிய இரண்டு கோடுகளில், நிமிர்த்தினால் கீழே வரும் கோடு வரை இழுத்து நிமிர்த்துங்கள். காற்றுக் குமிழ் இருந்தால் மறுபடி ஏற்றுங்கள். குழாய் நேர்செங்குத்தாக நிற்க வேண்டும், குழாயின் மேல் கண்ணாடிக் குமிழும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அரைமணி நேரம் அப்படியே விட்டு, பிறகு எண்ணெயை மேல் கோட்டுக்கு மேலே உறிஞ்சி விட்டுவிடுங்கள். எண்ணெயின் விளிம்பு மேல் கோட்டைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, கீழ்க் கோட்டில் நிறுத்துங்கள். இரண்டு தரம் எடுங்கள். இரண்டும் ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் விலகினால் உள்ளே தூசியோ குமிழோ இருக்கிறது. கழுவி, நன்றாகக் காயவைத்துத் திரும்பச் செய்யுங்கள். 40 டிகிரியில் 605 முதல் 739 வினாடிக்குள் வந்தால் அது 68. 455க்குப் பக்கத்தில் வந்தால் 46.

பழைய குழாய் என்பதால் இன்னொன்று. சான்றிதழில் உள்ள எண்ணும் கண்ணாடியில் செதுக்கிய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் 0.1012 வேறொரு குழாயின் மாறிலி. அப்போதும் வழி இருக்கிறது. வேறு கடையில், நம்பிக்கையான முகவரிடம், சீல் உடையாத 68 எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கி, அதே குழாயில், அதே தொட்டியில், அதே சூட்டில் ஓடவிடுங்கள். உங்கள் எண்ணெய் அதன் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் எடுத்தால் மாறிலி பற்றிய சந்தேகத்துக்கே வேலையில்லை.

கிராபர் இறங்குவதற்கு எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தேய்ந்த சிலிண்டர் சீலும் வால்வும் அதே வேலையைச் செய்யும். மெல்லிய எண்ணெய் அந்தக் கசிவைப் பெரிதாக்கும். எண்ணெயை மாற்றிய பிறகும் இறங்கினால் சீலைப் பாருங்கள்.

பணம் திரும்பக் கேட்பதென்றால், பயனீட்டாளர் தீர்ப்பாயம் உங்களுக்குப் பொருந்தாது. அது வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கானது, நீங்கள் தொழிலுக்கு வாங்கியிருக்கிறீர்கள். பொருளின் விவரத்தைத் தவறாகச் சொல்லி விற்பது 2011ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளையில் புகார் தரலாம். உங்கள் அளவை மட்டும் நம்பிப் போகாதீர்கள், சாம் எனும் மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரம் பெற்ற கூடத்தின் அறிக்கை இருந்தால் புகார் வலுவாக நிற்கும். இயந்திரத்திலிருந்து வடித்த எண்ணெயை அனுப்பாதீர்கள். பழைய எண்ணெய் கலந்தது என்று தள்ளிவிடுவார்கள். அதே கடையில் அதே தொகுப்பு எண் உள்ள சீல் உடையாத பெயில் ஒன்றை ரசீதோடு வாங்கி, திறக்காமலே கொடுத்துவிடுங்கள்.